எட்டாயிரம் யூனிட்

ஒரு பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா மகன் கூப்பிட்டான். 2025 பிப்ரவரி 28. பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி அன்று 22,124-இல் முடிந்திருந்தது. அஞ்சு மாசத்துக்கு முன்னால், செப்டம்பரில், 26,277 வரை போன நிஃப்டி அது. அவன் அந்தச் செப்டம்பரில்தான் உள்ளே வந்திருந்தான். ரயில்வே, டிபென்ஸ், சோலார் என்று ஆறு கம்பெனி ஷேர், ஒன்றரை லட்சம் ரூபாய். இப்போது அது ஒரு லட்சத்து எட்டாயிரம் ஆகியிருந்தது. "சித்தி, வந்த விலை வந்துச்சுன்னா வித்துப்போட்டு வெளிய வந்துருவேனுங்க. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றான்.

அந்த "வந்த விலை" என்ற சொல்தான் என்னை உட்கார விடவில்லை. ஏனென்றால் அதையே நான் இரண்டு வருசம் சொல்லிக்கொண்டிருந்தவள். சொல்லிச் சொல்லி, கடைசியில் வந்த விலையில் பாதிக்கு விற்றவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. மற்றவர்கள் பணத்தில் பைசா பிசகாமல் பார்க்கிற ஆள், என் பணத்தில் எப்படி இதைச் செய்தேன் என்று நிறைய நாள் யோசித்திருக்கிறேன். அவன் போனை வைத்ததும் பழைய ஸ்டேட்மென்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். 2018 ஜனவரியில் ஒரு ஸ்மால்கேப் மியூச்சுவல் பண்டில் 4 லட்சம் போட்டேன். என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 50 ரூபாய். அதனால் 8,000 யூனிட். 2020 மார்ச்சில் 25 ரூபாய்க்கு எல்லாவற்றையும் விற்றேன். 2021 அக்டோபரில் அதே பண்டில் 64 ரூபாய்க்குத் திரும்பப் போனேன். முதல் நாளிலிருந்து அந்த அக்டோபர் வரை பண்ட் 28 சதவீதம் ஏறியிருக்கிறது. அதே காலத்தில் என் 4 லட்சம், வட்டியெல்லாம் சேர்த்து, 2 லட்சத்து 15 ஆயிரம். பண்டுக்கு லாபம், அதில் பணம் போட்ட எனக்கு நஷ்டம். ஏமாற்றியவர் யாரும் கிடையாது. மேனேஜர் தப்பு செய்யவில்லை, புரோக்கர் யாரும் நடுவில் இல்லை. உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, மறுபடி உள்ளே போன தேதி மூன்றையும் நானேதான் தேர்ந்தெடுத்தேன்.

பந்திக்கு முந்தினது

2017-இல் நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு ஒரே வருசத்தில் 57 சதவீதம் ஏறியது. அப்போது ஸ்மால்கேப் என்றால் என்னவென்று எனக்குச் சரியாகத் தெரியாது. சிறிய கம்பெனி என்று மட்டும் தெரியும். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் டீ வரும்போதெல்லாம் போனைக் காட்டுவார். ஆகஸ்டில் காட்டினார், தீபாவளிக்குக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு கணக்கு ஓடும்: போன மாசமே நானும் போட்டிருந்தால் இந்நேரம் இவ்வளவு. என் பணம் எங்கேயும் குறையவில்லை, பேங்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு டீக்கும் ஏதோ ஒரு தொகை என் கையைவிட்டுப் போவதுபோலவே இருந்தது.

வாய்ப்பு நழுவிவிடுமோ என்கிற பயத்தைப் பேராசை என்று சொல்லிவிடுவார்கள். என் அனுபவத்தில் அது இழப்பின் வேதனைதான். வித்தியாசம் ஒன்றே: இழப்பை அளக்கிற கோடு நம் பாஸ்புக்கில் இல்லாமல் பக்கத்து மேஜைக்காரர் போனில் இருக்கிறது. அவருக்கு 40,000 வந்தால் எனக்கு 40,000 போனது. அந்த வேதனை எவ்வளவு காலம் தாங்கும்? அது ஆளைப் பொறுத்தது. நான் ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை தாங்கினேன். அதனால்தான் புது ஆட்கள் பெரும்பாலும் உச்சத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்கிறோம். சந்தை கொஞ்சம் ஏறியபோது யாரும் போனைக் காட்டுவதில்லை. எல்லோரும் காட்டுகிற அளவுக்கு ஏறிய பிறகுதான் நமக்குத் தாங்க முடியாமல் போகிறது. நம்மைப்போன்றவர்கள் தாங்க முடியாமல் கொண்டுவந்து கொட்டுகிற பணம்தான் அந்தக் கடைசி ஏற்றத்துக்கும் தீனி.

டிசம்பரில் ஒரு சீட்டு முடிந்து பணம் வந்தது. சேமிப்பையும் சேர்த்து 4 லட்சம். ஜனவரியில் மொத்தமாகப் போட்டேன். மாசாமாசம் போடலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, "அதுக்குள்ள இன்னும் ஏறிப்போயிருமே" என்றேன். பந்தியில் இலை தீர்ந்துவிடும் என்று ஓடுகிறவளிடம் அடுத்த பந்தி இருக்கிறது என்றால் கேட்பாளா? ஸ்மால்கேப் குறியீட்டின் அந்த உச்சமும் அதே ஜனவரியில்தான். பிப்ரவரி 1 பட்ஜெட்டில் ஷேரின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி திரும்ப வந்தது. செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்கிற பெரிய நிதி நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் விழுந்தது. அக்டோபரில் என் என்ஏவி 37.

விற்காமல் இருந்தது

இங்கேதான் நான் வெகுநாள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். நஷ்டத்துக்குப் பயந்தவர்கள் இறங்கியதும் விற்றுவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அப்படி விற்கவில்லை. 37-க்கு விற்கவில்லை, அடுத்த வருசம் 35-க்குப் போனபோதும் விற்கவில்லை. நான் தைரியசாலி என்றே நினைத்துக்கொண்டேன். "விற்றால்தான் நஷ்டம், அதுவரை வெறும் காகிதம்" என்று மற்றவர்களுக்கு வகுப்பு வேறு எடுத்தேன்.

டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதிய ஆய்வைப் பற்றிப் பின்னால் படித்தபோதுதான் அது தைரியம் இல்லை என்று தெரிந்தது. இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் சந்தோசத்தைவிடப் பெரியது என்பது அவர்கள் சொன்னதில் எல்லோருக்கும் தெரிந்த பாதி. 1992-இல் அந்த வித்தியாசத்தை அவர்களே ஏறக்குறைய 2.25 மடங்கு என்று கணக்கிட்டார்கள். அதிகம் பேசப்படாத பாதி இன்னொன்று: நஷ்டத்தில் இருக்கிற மனிதன் ஜாக்கிரதையாக இருப்பதில்லை, சூதாட ஆரம்பிக்கிறான். நிச்சயமான சின்ன நஷ்டத்தை ஒத்துக்கொள்வதைவிட, பெரிய நஷ்டம் வரலாம் என்று தெரிந்தும் பழைய நிலைக்குத் திரும்புகிற வாய்ப்பைப் பிடித்துக்கொள்கிறான். சீட்டாட்டத்தில் தோற்றவன் எழுந்து வராததற்கும் இதுதான் காரணம்.

ஷேர் மார்க்கெட்டில் இது நடப்பதை டெரன்ஸ் ஓடீன் என்பவர் அமெரிக்காவில் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை வைத்து 1998-இல் காட்டினார். மக்கள் லாபத்தில் இருக்கும் ஷேரை விற்கிற வேகம், நஷ்டத்தில் இருப்பதை விற்கிற வேகத்தைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. அவர்கள் விற்ற லாப ஷேர்கள், பிடித்து வைத்திருந்த நஷ்ட ஷேர்களைவிட அடுத்த ஒரு வருசத்தில் சராசரியாக நன்றாகவே போயின. ஆக, இழப்பின் மேல் உள்ள வெறுப்பு முதலில் செய்வது நம்மைக் கட்டிப்போடுவதுதான். சரி, அப்படியானால் அடிமட்டத்தில் விற்க வைப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் என்னுடைய ஒரு திங்கட்கிழமையில் இருக்கிறது.

2020 மார்ச் 23

முந்தின நாள் ஞாயிறு, சுய ஊரடங்கு. திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனால் மெர்ச்சன்டைசர்கள் முகத்தில் ரத்தம் இல்லை. வெளிநாட்டு பையர்கள் வரிசையாக ஆர்டரை ரத்து செய்துகொண்டிருந்தார்கள். பேக்கிங் முடிந்த பெட்டிகளைக்கூட அனுப்ப வேண்டாம் என்று மெயில். ஏப்ரல் சம்பளம் வருமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. காலை பத்து மணிக்குள் சென்செக்ஸ் 10 சதவீதம் விழுந்து, வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். திரும்பத் திறந்த பிறகும் விழுந்தது. அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளி இறங்கி 25,981-இல் முடிந்தது.

ஒரு மாசத்துக்கு முன்னால் என்ஏவி 42 வரை வந்திருந்தது. 50 வந்தால் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அன்று காலையில் ஆப்பைத் திறந்தபோது, முந்தின வெள்ளிக்கிழமைக் கணக்குப்படி என் பணம் இரண்டேகால் லட்சம். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனசுக்குள் நடந்ததை இன்றும் துல்லியமாகச் சொல்ல முடியும். இருபத்தாறு மாசமாக நான் அந்தத் திரையில் பார்த்துவந்தது "4 லட்சத்துக்கு எவ்வளவு குறைவு" என்பதைத்தான். அன்று காலை, ஏதோ ஒரு நொடியில், அந்த 4 லட்சம் என் மனசைவிட்டுப் போய்விட்டது. அது செத்துப்போன பணம். என் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு லட்சத்துச் சொச்சம் மட்டும். "இருக்கறதையாவது காப்பாத்திக்கலாம்" என்று தோன்றியது.

அந்த ஒரு வாக்கியத்தில் அளவுகோல் மாறிவிட்டது. 4 லட்சத்திலிருந்து பார்க்கிறவளுக்கு இன்னொரு 20,000 போவது பெரிய விசயமே இல்லை. ஏற்கெனவே ஒண்ணேமுக்கால் லட்சம் போயிருக்கிறது, இது எந்த மூலைக்கு? 2 லட்சத்திலிருந்து பார்க்கிறவளுக்கு அதே 20,000 பத்தில் ஒரு பங்கு, புது ரத்தம். கட்டிப்போட்ட அதே பயம்தான் இப்போது பிடித்துத் தள்ளியது. பயம் மாறவில்லை, அது எந்தத் தொகையிலிருந்து எண்ணுகிறது என்பது மட்டும் மாறியது. அந்த மாற்றம் இறக்கத்தின் தொடக்கத்தில் வருவதில்லை. பழைய விலை திரும்ப வரும் என்கிற நம்பிக்கை முழுசாகச் சாக வேண்டும், அதற்கு நிறைய இறங்க வேண்டும், போதாததற்குச் சம்பளத்தையும் அசைக்கிற மாதிரி ஒரு செய்தி வேண்டும். இவை எல்லாம் ஒரே நாளில் எல்லோருக்கும் கூடுகிறபோதுதான் சந்தை அடிமட்டத்தைத் தொடுகிறது. அதனால் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் விற்பது தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்று நான் இப்போது நினைப்பதில்லை. எங்களைப்போன்றவர்கள் சேர்ந்து விற்றுத்தான் அந்த இடமே உண்டாகிறது.

பதினொன்றரை மணிக்கு ரிடீம் கொடுத்தேன். மியூச்சுவல் பண்டில் மூன்று மணிக்குள் கொடுத்தால் அன்று சந்தை முடிகிற விலையில் கணக்கிடும் என்ஏவிதான் கிடைக்கும். அதாவது நான் எந்த விலைக்கு விற்கிறேன் என்பது விற்கும்போது எனக்கே தெரியாது. பதினொன்றரைக்குப் பிறகு விழுந்ததும் என் தலையில்தான். ராத்திரி பார்த்தால் 25 ரூபாய். 8,000 யூனிட்டுக்கு 2 லட்சம். உண்மையைச் சொன்னால் அன்று நன்றாகத் தூங்கினேன். வியாழக்கிழமை பணம் பேங்குக்கு வந்தது. அதற்குள் நிஃப்டி 7,610-லிருந்து 8,641-க்கு ஏறியிருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சம்பளம் நிஜமாகவே நிற்கலாம் என்ற நிலையில் கையில் ரொக்கம் வேண்டும் என்று நினைத்தது முட்டாள்தனம் இல்லை. ஆறு மாசச் செலவுக்கு வேண்டிய பணமும் அந்த 4 லட்சத்துக்குள்ளேயே இருந்ததுதான் கோளாறு. அது மார்ச் 23-ஆம் தேதி செய்த தப்பு இல்லை, 2018 ஜனவரியிலேயே செய்தது.

விற்ற விலை

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகச் செலவு வைத்தது. ஏப்ரலில் என்ஏவி 27, 28 என்று வந்தது. சம்பளம் பாதியாவது வந்தது, வேலை போகவில்லை. திரும்பப் போட்டிருக்கலாம். முடியவில்லை. 25-க்கு விற்றதை 28-க்கு வாங்குவதென்றால் என் மேல் நானே தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி. 25 வரட்டும், வாங்குகிறேன். அதாவது "வந்த விலை" போய் "விற்ற விலை" வந்து உட்கார்ந்துகொண்டது. நவம்பரில் நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டியபோது என் பண்ட் 37. இரண்டாவது அலை வரும், விழும் என்று காத்திருந்தேன். அலை வந்தது, சந்தை பெரிதாக விழவில்லை. 2021 ஜூனில் 52. விற்காமல் இருந்திருந்தால் "வந்த விலை" வந்திருக்கும்.

அக்டோபரில் பக்கத்து மேஜையில் புதிதாக ஒரு பையன். அவனும் டீ நேரத்தில் போனைக் காட்டினான். நிஃப்டி 18,600-ஐத் தொட்ட அதே வாரம் 2 லட்சத்து 15 ஆயிரத்தையும் 64 ரூபாய்க்குப் போட்டேன். 3,359 யூனிட். ரூபாயில் பார்த்தால் இந்தக் கதை மழுப்பலாகத் தெரியும், யூனிட்டில் பார்த்தால்தான் புரியும். 8,000 யூனிட் வைத்திருந்தவள், பண்ட் ஏறி இறங்கி ஏறிய ஒரு சுற்றில், அதே பணத்தை வைத்துக்கொண்டு 3,359 யூனிட்டுக்கு வந்து நின்றேன். மீதி 4,641 யூனிட்டை, குறைந்த விலையில் நான் விற்றபோது வாங்கிய யாரோ வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பண்ட் யூனிட் அப்படிக் கைமாறுவதில்லை என்று தெரியும். ஆனால் அந்த யூனிட்டுக்குப் பணம் கொடுக்கப் பண்ட் அன்று விற்ற ஷேர்களை யாரோ வாங்கித்தானே இருக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை, என் கழுத்துச் சங்கிலியில் நான் ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை. 2013 ஏப்ரலில் தங்கம் இரண்டே நாளில் சரிந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் வாங்கத்தான் ஓடினோம், நகைக்கடையில் நிற்க இடமில்லை. தங்கத்தின் மேல் உள்ள நம்பிக்கை என்று இதை விளக்குவார்கள். எனக்கு வேறு ஒரு காரணம்தான் பெரிதாகப் படுகிறது: சங்கிலியைக் கழற்றி வைத்துத் தினமும் இன்றைய விலை, வாங்கிய விலை, சிவப்பு, பச்சை என்று யாரும் காட்டுவதில்லை. ஷ்லோமோ பெனார்ட்சி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1995-இல் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். ஷேரை ஒரு நாளைக்கு ஒரு தரம் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதி நாள் இறக்கம்தான் கண்ணில் படும். வருசத்துக்கு ஒரு தரம் பார்த்தால் பெரும்பாலும் ஏற்றம்தான் தெரியும். இறக்கம் இரண்டு மடங்கு வலிக்கிறதென்றால், தினமும் பார்க்கிறவன் லாபத்தில் இருந்துகொண்டே வேதனைப்படுவான். என் போனில் 2020 மார்ச்சில் அந்த ஆப்பை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்தேன் என்று எண்ணவே பயமாக இருக்கிறது.

அக்கா மகனிடம் கேட்ட கேள்வி

"பொறுமையா இரு, எல்லாம் திரும்ப வரும்" என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பண்டில் எழுபது எண்பது கம்பெனி இருந்தது, அதனால் திரும்ப வந்தது. அவனிடம் இருப்பது ஆறு ஷேர். 2018-இல் 600 ரூபாய்க்கு மேல் ஓடிய திவான் ஹவுசிங் ஷேர் 2021-இல் சந்தையைவிட்டே எடுக்கப்பட்டது, வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. அதற்கும் "வந்த விலை" என்று காத்திருந்தவர்கள் உண்டு. தனி ஷேருக்குத் திரும்பி வந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அதனால் மறுநாள் அவனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "கண்ணு, உன்ற கிட்ட இந்த ஷேர் ஒண்ணுமே இல்லைன்னு வெச்சுக்க. கையில ஒரு லட்சத்து எட்டாயிரம் ரொக்கமா இருக்குது. இன்னைக்கு இந்த ஆறுல எதை வாங்குவே?" வாங்கின விலையை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு யோசிக்கச் சொன்னேன். இந்தக் கேள்வியின் உபயோகம், அது ஒன்றரை லட்சத்தையும் மறைக்கிறது, "இருக்கறதையாவது" என்பதையும் மறைக்கிறது. கம்பெனியும் இன்றைய விலையும் மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பணம் ஐந்து வருசத்துக்குத் தேவைப்படாதா என்பதையும் சேர்த்துக் கேட்டேன். அவன் வண்டிக் கடனுக்காக 30,000 ரூபாய் அதில் வைத்திருந்தான். அது அங்கே இருக்கக் கூடாத பணம் என்று அவனுக்கே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பேசினான். இரண்டு கம்பெனியை மறுபடியும் வாங்குவானாம். மற்ற நான்கும் என்ன தொழில் செய்கின்றன என்றே சரியாகச் சொல்லத் தெரியவில்லையாம். ஒரு வீடியோவில் பார்த்து வாங்கியது. அந்த நான்கையும் விற்று வண்டிக் கடன் பணத்தை எடுத்து வைத்தான். மிச்சத்தை ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் பண்டில் மாசம் 5,000 ரூபாயாகப் போடுகிறான். அந்தத் தேதியில் சந்தை எங்கே இருக்கிறது என்று பார்க்க மாட்டேன் என்கிறான். பார்ப்பான், பார்க்கட்டும். தேதியை அவன் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் போதும்.

பேசி முடிக்கும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டான்: "நீங்க உங்க பண்டை அதே கேள்வி கேட்டீங்களா சித்தி?"

கேட்கவில்லை. அன்று ராத்திரி கேட்டேன். என்ஏவி 96, என் 3,359 யூனிட்டுக்கு மூன்று லட்சத்து இருபத்திரண்டாயிரம். இன்று அது ரொக்கமாக இருந்தால் முழுவதையும் ஸ்மால்கேப்பில் போடுவேனா? மாட்டேன், பாதிகூடப் போடமாட்டேன். எனக்கு நாற்பத்தெட்டு வயசு, பெண்ணுக்குக் காலேஜ் இருக்கிறது. பிறகு ஏன் இத்தனை நாள் கை வைக்காமல் இருந்தேன் என்று பார்த்தால், ஸ்டேட்மென்டின் பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு எண்: 5,12,000. 8,000-ஐ 64-ஆல் பெருக்கினால் வருவது. விற்காமல் இருந்திருந்தால் அந்த அக்டோபரில் என்னிடம் இருந்திருக்க வேண்டிய தொகை. அது வரட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று எப்போதோ எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் பாக்கி.